ஊசி குத்திய நேரத்திலிருந்து: ஒரு தாதிய மாணவியின் கடிதமும் பதிலும்

கேள்வி

அன்புள்ள டொக்டர்,

எனக்கு 24 வயது. அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். தாதியக் கல்வியில் இரண்டாம் ஆண்டு மாணவி. இப்போது ஓர் ஆதார வைத்தியசாலையின் மருத்துவ விடுதியில் பயிற்சி பெறுகிறேன். நேற்று, வெள்ளிக்கிழமை மாலை 6.40 அளவில், இரத்தம் எடுத்துவிட்டு வைத்துப்போன கிட்னி ட்ரேயைச் சுத்தம் செய்தேன். பஞ்சுக்கு அடியில் கிடந்த ஊசி கையுறையைத் துளைத்து இடது சுட்டுவிரலில் ஏறிவிட்டது. இரத்தம் வந்தது. விரலைப் பிதுக்கிவிட்டு ஐந்து நிமிடம் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சிஸ்டர் மிகவும் கண்டிப்பானவர். அடுத்த மாதம் எனக்கு மதிப்பீடு இருக்கிறது.

அந்த நோயாளி 50 வயதைக் கடந்தவர். ஈரல் நோயால் வயிறு வீங்கியிருக்கிறது. அவருடைய டிக்கெட்டில் தொற்று என்று எதுவும் எழுதப்படவில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எனக்கு இரண்டு முறை போடப்பட்டது. மூன்றாவது, பரீட்சை விடுமுறையால் தவறிவிட்டது. இன்று கல்முனையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சோதனை செய்து, எதுவும் இல்லை என்று வந்தால் போதுமா? நாளை அவருக்கு இரத்தம் எடுக்கும்போது கூடுதலாக ஒரு ட்யூப் எடுத்து அதையும் அனுப்பலாமா? தங்கையும் நானும் ஒரே கோப்பையில் சாப்பிடுகிறவர்கள். அதை நிறுத்த வேண்டுமா? அம்மாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார்.

பதில்

மகள், உங்கள் மின்னஞ்சல் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது. ஊசி குத்தி அப்போதே பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஆகவே விளக்கம் எதுவும் எழுதாமல் இரண்டு வரி மட்டும் அனுப்பினேன்: "ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டாம். இப்போதே உங்கள் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், 'நேற்று மாலை நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டது' என்று சொல்லுங்கள்." நீங்கள் போனீர்கள். அதன் பிறகு நடந்தவற்றை எழுதி அனுப்பியதுடன், மற்ற மாணவிகளும் அறியட்டும் என்று வெளியிட அனுமதியும் தந்தீர்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அன்று இரண்டு வரியில் சொன்னதற்கான காரணங்களை இப்போது விரிவாக எழுதுகிறேன்.

விரலுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

விரலைப் பிதுக்கியதும் ஸ்பிரிட்டில் ஊறவைத்ததும் ஏறக்குறைய எல்லா விடுதிகளிலும் நடக்கிற காரியங்கள். மூத்தவர்கள் செய்வதைப் பார்த்து இளையவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். பிதுக்குவதால் கிருமி வெளியே வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அழுத்தும்போது சுற்றியுள்ள திசு நசுங்கி, அந்த இடத்தில் அழற்சிதான் கூடுகிறது. ஸ்பிரிட்டும் குளோரினும் காயத்தை எரிக்கும். ஊசி போன ஆழத்துக்கு அவை போய்ச் சேர்வதில்லை. விரலை வாயில் வைத்து உறிஞ்சுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அதை ஒருபோதும் செய்யக்கூடாது.

கையுறையைக் கழற்றி, குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுச் சில நிமிடங்கள் கழுவ வேண்டும். தானாக வருகிற இரத்தம் வரட்டும். பிறகு துடைத்து ஒரு பிளாஸ்டர் ஒட்டினால் போதும். இரத்தம் கண்ணில் தெறித்திருந்தால் சவர்க்காரம் வேண்டாம், சுத்தமான தண்ணீரோ சேலைனோ விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். வாயில் பட்டிருந்தால் கொப்பளித்துத் துப்ப வேண்டும். முதலுதவி இவ்வளவுதான். நீங்கள் ஸ்பிரிட்டில் செலவிட்ட ஐந்து நிமிடம் பெரிய தீங்கு எதையும் செய்யவில்லை. ஆனால் "சுத்தம் செய்துவிட்டேன்" என்ற நிம்மதியை அது உங்களுக்குத் தந்தது. அந்த நிம்மதியில்தான் பத்தொன்பது மணி நேரம் போயிற்று.

அன்றைய சோதனை அன்றைய ஊசியைப் பற்றி எதையும் சொல்லாது

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது ஆய்வுகூட யோசனைதான். அங்கே போயிருந்தால் எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் இல்லை என்று தாளில் அடித்துத் தந்திருப்பார்கள். அது உண்மையான முடிவாகவும் இருந்திருக்கும். ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் அல்ல. ஒரு வைரசு உடலில் நுழைந்து பெருகி, சோதனையில் பிடிபடும் அளவுக்கு வளர வாரக் கணக்கில் ஆகும். குத்திய மறுநாள் எடுக்கிற இரத்தம், ஊசி குத்துவதற்கு முன்னர் உங்கள் உடல் எப்படி இருந்தது என்பதை மட்டுமே காட்டும்.

அதற்காக அந்த முதல் சோதனையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வைத்தியசாலையில், உங்கள் பெயரில் பதிவோடு எடுக்க வேண்டும். பின்னர் ஏதாவது தொற்று தெரியவந்தால், அது பயிற்சியின்போது வந்ததுதான் என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த முதல் முடிவு. சிகிச்சைச் செலவு, விடுமுறை, இழப்பீடு என்று எதைக் கேட்பதானாலும் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க முடியும்.

ஆனால் அந்தச் சோதனை சிகிச்சை ஆகாது. குத்துப்பட்டவருக்கு மருந்தைவிட முதலில் தேவைப்படுவது நேரம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பிக்கான பிறபொருளெதிரி ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது சிறந்தது. தனியார் ஆய்வுகூடத்தின் 'இல்லை' என்ற தாளைப் பார்த்து நீங்கள் ஞாயிறும் திங்களும் அமைதியாக இருந்திருந்தால், இந்த இரண்டு வாசல்களில் ஒன்று மூடியே போயிருக்கும்.

எந்தக் கிருமிக்கு எவ்வளவு பயப்படுவது

ஊசி குத்தியது என்றவுடன் எல்லோருடைய மனமும் எச்.ஐ.வி.யிடம் ஓடுகிறது. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால்கூட, இப்படிக் குத்துப்படுகிற ஆயிரம் பேரில் ஏறக்குறைய மூவருக்கே அது தொற்றும். இலங்கையில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் விகிதமும் மிகக் குறைவு. ஹெபடைடிஸ் சி உள்ள நோயாளியின் ஊசியால் தொற்றுவது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. ஹெபடைடிஸ் பியின் கணக்கு வேறு. நோயாளிக்கு அது இருந்து, குத்துப்பட்டவருக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாவிட்டால், நூறில் ஆறு முதல் முப்பது பேருக்குத் தொற்றலாம். உலர்ந்த இரத்தத்தில்கூட அந்த வைரசு ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும்.

குத்திய விதத்தையும் பார்க்க வேண்டும். உங்களுக்குக் குத்தியது நாளத்தில் இரத்தம் எடுத்த ஊசி. அது உள்ளே துளை உள்ளது, அந்தத் துளையில் இரத்தம் தங்கும். தையல் ஊசியைவிட இதில் ஆபத்து அதிகம். கையுறை ஊசியின் வெளிப்பக்கத்து இரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைத்துவிடும், ஆனால் துளைக்குள் இருப்பதை அதால் தடுக்க முடியாது. ஆகவே "கையுறை போட்டிருந்தேன்" என்பது கொஞ்சம் ஆறுதல் தரும் செய்தி மட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிக்கெட்டில் தொற்று என்று எழுதப்படவில்லை என்பதற்கு, அவருக்குத் தொற்று இல்லை என்று பொருள் இல்லை. பெரும்பாலும் இன்னும் சோதிக்கவில்லை என்றுதான் பொருள். ஈரல் நோயால் வயிறு வீங்கியவர் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அந்த நிலைக்கு வழமையான காரணங்களில் ஹெபடைடிஸ் பியும் ஒன்று. உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது அந்த வரியில்தான்.

ஹெபடைடிஸ் பி: உங்கள் விடயத்தில் உண்மையான அவசரம்

"இரண்டு ஊசி போட்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு ஊசிக்குப் பிறகு சிலருக்குப் போதிய எதிர்ப்பு வந்துவிடும், சிலருக்கு வராது. உங்களுக்கு வந்ததா என்று அளந்து பார்க்காதபோது, அளக்காத ஒன்றை நம்பி இருக்க முடியாது. மூன்று ஊசியும் முடித்து, ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் இரத்தத்தில் பிறபொருளெதிரி 10 அலகுக்கு மேல் இருந்ததென்று கையில் தாள் உள்ளவருக்கு, எந்த நோயாளியின் ஊசி குத்தினாலும் ஹெபடைடிஸ் பிக்காக ஒன்றும் செய்யத் தேவையில்லை. பல வருடம் கழித்து அந்த அளவு குறைந்திருந்தாலும் உடல் மறப்பதில்லை. அந்தத் தாள் உங்களிடம் இல்லை.

இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் ஹெபடைடிஸ் பி 2003ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. நீங்கள் அதற்கு முந்திப் பிறந்தவர். இதைப் படிக்கிற இளைய மாணவிகள் பலர் அதற்குப் பிந்திப் பிறந்திருப்பீர்கள். அம்மாவின் அலுமாரியில் இருக்கும் உங்கள் குழந்தைப் பருவ அட்டையை எடுத்து, அதில் ஊசி பதியப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை நேரவரிசையில் சொல்கிறேன். பிற்பகல் நான்கு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனீர்கள். அதாவது 21 மணி நேரம் கடந்த பிறகு. உங்களிடமிருந்து முதல் இரத்தம் எடுத்தார்கள். விடுதி வைத்தியர் அந்த நோயாளியிடம் விடயத்தைச் சொல்லி, அவருடைய சம்மதத்துடன் அவருடைய இரத்தத்தையும் எடுத்தார். முடிவு வரும்வரை காத்திராமல் நாலரை மணிக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளை உங்களுக்குக் கொடுக்கப்பட்டது. மாலையில் அவருடைய விரைவுச் சோதனை முடிவுகள் வந்தன. எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் சி இல்லை, ஹெபடைடிஸ் பி இருக்கிறது.

முற்றாகத் தடுப்பூசி பெறாத ஒருவருக்கு அப்போது இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, தயாராகச் செய்யப்பட்ட பிறபொருளெதிரியை ஊசியாகக் கொடுப்பது. அதை ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபியூலின் என்பார்கள். தடுப்பூசி உடலுக்குப் போரிடக் கற்றுக்கொடுக்கிறது, அதற்கு வாரங்கள் ஆகும். இம்யூனோகுளோபியூலின் வேறொருவர் உடலில் ஏற்கெனவே உருவான ஆயுதத்தை உடனே கையில் தருகிறது, ஆனால் அது சில மாதங்களில் கரைந்துவிடும். இரண்டாவது காரியம், விட்டுப்போன தடுப்பூசியையும் அன்றே போடுவது. இரண்டையும் உடலின் வெவ்வேறு இடத்தில் போட வேண்டும்.

பரவலாகப் பின்பற்றப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.06 மில்லிலீற்றர். நீங்கள் 50 கிலோ, ஆகவே 3 மில்லிலீற்றர். மருந்தின் செறிவு தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும் என்பதால், குப்பியுடன் வரும் குறிப்பைப் பார்த்தே வைத்தியர் இறுதி அளவைத் தீர்மானிப்பார்.

உங்கள் வைத்தியசாலையில் அந்த மருந்து அன்று இருக்கவில்லை. இது நம் பகுதிக்குப் புதிதல்ல. விலை கூடிய மருந்து, எல்லா ஆதார வைத்தியசாலைகளிலும் எப்போதும் இருப்பில் இராது. பெரிய வைத்தியசாலையிலிருந்து வரவழைத்து இரவு ஒன்பதரைக்குப் போட்டார்கள். அப்போது 27 மணி நேரம் ஆகிவிட்டது. 24 தாண்டிவிட்டதே என்று நீங்கள் அழுததாக எழுதியிருந்தீர்கள். 24 மணி நேரத்தில் வாசல் அடைபடுவதில்லை. ஏழு நாள் வரை கொடுக்கலாம், நாள் போகப் போகப் பலன் குறையும். 27ஆவது மணியில் பெற்றதற்காகக் கலங்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலையே சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன்.

மூன்றாவது ஊசி தவறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று பின்னர் கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அன்று போட்டதோடு உங்கள் மூன்றும் முடிந்தது.

எச்.ஐ.வி. மருந்து: தொடங்குவதும் நிறுத்துவதும்

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சந்தேகம் தெளிந்த பிறகு தொடங்கலாம் என்று நினைப்பது வழமையான தவறு. நோயாளியின் நிலை தெரியாதபோது, ஆபத்தை எடைபோட்டு முதலில் தொடங்கி, முடிவு வந்ததும் தேவையில்லை என்றால் நிறுத்துவதே முறை. வைரசு முதல் ஓரிரு நாட்கள் நுழைந்த இடத்தை அண்டியே இருந்து, பின்னர் நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. மருந்து அதற்கு முந்திக்கொள்ள வேண்டும். 72 மணி நேரம் என்ற எல்லை அதனால் வந்தது. அதற்காக மூன்று நாள் அவகாசம் இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வழமையாகக் கொடுப்பது டெனோஃபோவிருடன் லமிவுடின் அல்லது எம்ட்ரிசிடபின், அத்துடன் டொலுடெக்ராவிர். முழுமையாக எடுப்பதானால் 28 நாள். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். பலர் பத்தாம் நாளோடு விட்டுவிடுவது இதனால்தான். குமட்டலுக்கு மருந்து கேட்டு வாங்கலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது. இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரை எடுக்கிற பெண்கள் நம் ஊரில் அதிகம். அவை டொலுடெக்ராவிரை உடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். டொலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னரோ ஆறு மணி நேரம் பின்னரோ எடுக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கலாமா, சிறுநீரக நோய் உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று வைத்தியர் கேட்பார். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

நோயாளிக்கு எச்.ஐ.வி. இல்லை என்று வந்ததோடு, அண்மையில் அவருக்குத் தொற்றியிருக்கக்கூடிய சூழ்நிலை எதுவும் இல்லை என்பதையும் கேட்டு உறுதிசெய்த பிறகு உங்கள் மருந்தை நிறுத்தினார்கள். ஒரே ஒரு வேளை மருந்துதான் எடுத்தீர்கள். அந்த ஒரு வேளையை வீண் என்று நினைக்காதீர்கள். இருட்டில் இருக்கும்போது பிடித்துக்கொண்ட கைப்பிடி அது.

எஸ்.ரி.டி. கிளினிக்குக்குப் போனால் யாராவது கண்டு கதை கட்டுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருந்தது. சின்ன ஊர்களில் அந்தப் பயம் நியாயமானது, அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். முதல் வேளை மருந்துக்கு நீங்கள் அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவிலேயே தொடங்கலாம். பின்தொடர் சோதனைகளுக்குப் போக நேர்ந்தால், கிளினிக்கின் பதிவுகள் இரகசியமாகவே பேணப்படும். பக்கத்து ஊரில் தெரிந்த முகங்கள் இருக்கும் என்று தயங்கினால் மட்டக்களப்புக்குப் போய்ப் பார்க்கலாம்.

யாரிடம் சொல்வது, என்ன எழுதுவது

சிஸ்டருக்குப் பயந்துதான் இத்தனை மணி நேரமும் போயிற்று. நான் பயிற்சி வைத்தியராக இருந்த நாட்களில் எனக்கும் ஒருமுறை ஊசி குத்தியது. நானும் ஒரு இரவு முழுவதும் வாயைத் திறக்கவில்லை. ஏசுவார்களோ என்ற பயந்தான். எனக்கு எதுவும் தொற்றவில்லை. அது என் கெட்டித்தனத்தால் நடந்ததல்ல.

முதலில் விடுதிப் பொறுப்புத் தாதிய உத்தியோகத்தரிடமும், அடுத்து உங்கள் கல்லூரியிலிருந்து வருகிற பயிற்றுநரிடமும் சொல்ல வேண்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தர் உள்ள வைத்தியசாலையில் அவருக்கும் தெரியப்படுத்த வேண்டும். இரவிலோ விடுமுறை நாளிலோ நடந்தால் இவர்கள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதற்காகக் காலைவரை காத்திராமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், மற்றவர்களுக்குப் பிறகு சொல்லலாம்.

அங்கே போனால் சில நேரம் "ஏற்பு ஊசி ஒன்று போட்டுவிட்டுப் போங்கள்" என்று முடித்துவிடுவார்கள். ஏற்பு ஊசி தேவைப்பட்டால் போடட்டும், ஆனால் இரத்தத்தால் பரவும் கிருமிகளுக்கு அது பதில் அல்ல. பணிவாக ஆனால் விடாமல் கேளுங்கள்: நோயாளியின் இரத்தம் சோதிக்கப்படுமா? எச்.ஐ.வி. மருந்து தொடங்க வேண்டுமா? எனக்கு ஹெபடைடிஸ் பி எதிர்ப்பு இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? என் முதல் இரத்த மாதிரி எடுத்துவிட்டீர்களா? விடை தெரியாதவர் நுண்ணுயிரியல் நிபுணரையோ எஸ்.ரி.டி. கிளினிக் வைத்தியரையோ தொலைபேசியில் கேட்டுச் சொல்வார்.

விபத்துப் பதிவில் நாள், நேரம், என்ன ஊசி, எதற்குப் பயன்பட்டது, எவ்வளவு ஆழம், கையுறை இருந்ததா, எப்போது கழுவினீர்கள், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பவற்றை உள்ளபடி எழுதுங்கள். தாமதத்தையும் மறைக்க வேண்டாம். பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். உங்கள் பெயரையும் காயத்தையும் நோயாளியின் டிக்கெட்டில் எழுத விடாதீர்கள். அது அவருடைய பதிவு.

ஊசியை ட்ரேயில் விட்டுப்போனவரைக் காட்டிக்கொடுப்பதாகிவிடுமோ என்று தயங்கியதாகவும் பின்னர் எழுதியிருந்தீர்கள். ஊசியைப் பயன்படுத்தியவரே அதைக் கூர்ப்பொருள் பெட்டியில் போட வேண்டும் என்பது விதி. நடந்ததை நடந்தபடி எழுதுவது எவர் மேலும் புகார் ஆகாது. கட்டிலருகே பெட்டி இருந்ததா, நிரம்பி வழிந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை அங்கே ஒரு பெட்டி வைக்கப்படுவதற்கு அந்த ஒரு வரி காரணமாகலாம்.

அந்த இன்னொரு ட்யூப்

இதில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். நோயாளிக்குச் சொல்லாமல் அவருடைய இரத்தத்தை உங்களுக்காக எடுப்பது தவறு. அவர் உங்கள் கையை நம்பி நீட்டிய கை அது. பிடிபட்டால் உங்கள் படிப்புக்கே ஆபத்து, பிடிபடாவிட்டாலும் அந்த முடிவை எந்த வைத்தியரிடமும் காட்ட முடியாது. கேட்டால் பெரும்பாலானோர் மறுப்பதில்லை. அவரும் "பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது" என்று உடனே சம்மதித்ததாக எழுதியிருந்தீர்களே. ஆனால் குத்துப்பட்டவர் தானே போய்க் கேட்கக்கூடாது. விடுதி வைத்தியர்தான் கேட்க வேண்டும். மறுத்துவிட்டால், நிலை தெரியாத நோயாளி என்று கொண்டு உங்களுக்குச் சிகிச்சை நடக்கும். ஊசியையே சோதனைக்கு அனுப்புவதால் பயன் இல்லை.

இந்தச் சோதனையால் அந்த மனிதருக்கும் ஒரு வழி திறந்தது. தன் ஈரல் நோயின் காரணம் அவருக்குத் தெரிந்துவிட்டது, அவருடைய குடும்பத்தினரையும் சோதிக்கலாம், தடுப்பூசி போடலாம். அந்த முடிவு உங்களுக்குத் தெரிந்தது சிகிச்சைக்காக மட்டுமே. தோழிகளிடமும் சொல்லாதீர்கள்.

வீட்டில்

தங்கையுடன் ஒரே கோப்பையில் சாப்பிடுங்கள். இந்தக் கிருமிகள் எதுவும் சோற்றிலோ கட்டிப்பிடிப்பதிலோ பரவுவதில்லை. பல் துலக்கியையும் சவர அலகையும் மட்டும் பகிர வேண்டாம். அது எவருக்கும் எப்போதும் பொருந்தும். இறுதிச் சோதனை முடியும்வரை இரத்ததானம் செய்யாதீர்கள். பயிற்சிக்குத் தடையில்லை, திங்கட்கிழமையே விடுதிக்குப் போகலாம். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்திருந்தாலோ நிலை தெரியாமல் போயிருந்தாலோ ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் உங்களுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்ய வேண்டியிருந்திருக்கும், திருமணமானவராயின் அதுவரை ஆணுறையும் தேவைப்பட்டிருக்கும். உங்களுக்கு இவை இரண்டும் இல்லை.

அம்மாவுக்குச் சொல்வதா என்பது உங்கள் முடிவு. வைத்தியசாலை உங்கள் அனுமதியில்லாமல் அவரிடம் சொல்லாது. சொல்வதானால் மருந்து போட்ட பிறகு, "குத்தியது, மருந்து போட்டாயிற்று, இன்ன மாதத்தில் சோதனை" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியைச் சொன்னால்தான் தாய்மார் இரவெல்லாம் விழித்திருப்பார்கள்.

இனி உங்களுக்கு எஞ்சியிருப்பது இரண்டு சோதனைகள். ஊசி குத்திய நாளிலிருந்து ஆறு மாதம் முடியும்போது, ஹெபடைடிஸ் பி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று ஊசியும் உங்களுக்கு எதிர்ப்பைத் தந்தனவா என்ற பிறபொருளெதிரிச் சோதனையையும் அப்போதே செய்யலாம். அதற்கு முன்னர் செய்தால், போட்ட இம்யூனோகுளோபியூலினே இரத்தத்தில் இருந்து, உங்களுடைய எதிர்ப்பு என்று ஏமாற்றிவிடும். இடையில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போனாலோ, சாப்பாடு மனத்துக்குப் பிடிக்காமல் களைத்துப்போனாலோ, திகதிவரை காத்திராமல் வைத்தியரிடம் போய் ஊசி குத்திய விடயத்தை முதலிலேயே சொல்லுங்கள். இரண்டு முடிவுகளும் வந்ததும் விபத்துப் பதிவின் பிரதியோடு சேர்த்து வைத்துவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.